இரவு எத்தனை மணிக்குச் சாப்பாட்டை முடிப்பது: ஒரு தொழிற்சாலை மருத்துவ முகாமின் அறிவிப்புகளைத் திருத்தி எழுதிய நிகழ்வு ஆய்வு

கோவைப் புறநகரில் பம்பு உதிரிபாகங்களை வார்த்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் ஊழியர்களுக்கான மருத்துவ முகாம் ஏற்பாடாகியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கண் பார்வை ஆகிய நான்கையும் பார்ப்பதாகத் திட்டம். முகாமைப் பற்றிய செய்திகள் பல நாட்களாகவே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை முறையான அறிவிப்பாக மாற்றித் தரும் பொறுப்பு, தொழிலாளர் நலப் பணியைப் பார்க்கும் என்னிடம் வந்தது. அப்போது என் கைக்கு வந்த மூன்று செய்திகளை அப்படியே தருகிறேன்.

"அண்ணே எல்லாரும் பாருங்க. புதன்கெழம ஹெல்த் கேம்ப். காலையில எதுவும் சாப்டாம வந்துருங்க. மாத்தர கீத்தர போட்டுட்டு வராதீங்க, ரிசல்ட் தப்பா காட்டும்."

"பேர் குடுக்காதவங்க இன்னிக்குள்ள குடுத்துருங்க. வராதவங்க லிஸ்ட் மேல போகும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

"யாரும் பயப்பட வேண்டாமுங்க. சும்மா ரத்தந்தான் எடுப்பாங்க."

இவற்றை எழுதிய மேற்பார்வையாளர் தம் ஆட்கள் மீது அக்கறை உள்ளவர். யாரையும் மிரட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. பேச்சுநடையில் எழுதியதும் குறையல்ல. ஆனால் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு ஒரு தொழிலாளி முந்தைய இரவு எத்தனை மணிக்குச் சாப்பாட்டை முடிக்க வேண்டும், காலையில் தண்ணீர் குடிக்கலாமா, அன்றாடம் போடும் மாத்திரையை என்ன செய்வது, முடிவை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட விடை கண்டுபிடிக்க முடியாது. விடை போல் தோன்றும் ஒரே வரி மாத்திரையைப் பற்றியது; அந்த வரிதான் மூன்றிலும் ஆபத்தானது.

அதனால் நடையைச் சீராக்கும் வேலையை முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. வெவ்வேறு ஷிப்டுகளில் இருந்த சிலரிடம் இந்தச் செய்திகளைக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டேன். மோல்டிங் பிரிவில் ஒருவர், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பால் இல்லாத காபி பரவாயில்லை என்று நினைத்தார். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர், இது நிரந்தர ஊழியர்களுக்கான முகாம் என்றே கருதியிருந்தார்கள். கோர் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்மணி மட்டும் சற்றுத் தயங்கி, "ரத்தம் எடுத்து வேற எதையாச்சும் பாத்துருவாங்களா சார்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் பிறகு அறிவிப்பின் பாதியை எழுத வைத்தது.

வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் உணவு இல்லாமல் இருக்க வேண்டும். சர்க்கரையோ பாலோ சேர்ந்த பானம் அளவை உயர்த்திவிடும். சாதாரணத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடிப்பதே நல்லது, ஏனெனில் உடலில் நீர் குறைந்தவருக்கு நரம்பு எளிதில் கிடைக்காது, ஊசி போட்ட பிறகு தலைசுற்றலும் வரும். இவை ஆய்வகத்தில் இருப்பவர்களுக்குச் சாதாரணச் செய்திகள். தொழிலாளிக்கு யாரும் சொல்லாதவை. "எட்டு மணி நேரம் உண்ணாமல் இருக்கவும்" என்று எழுதினால் அது சரியான வாக்கியந்தான் என்றாலும், கணக்குப் போடும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது. "செவ்வாய் இரவு 10 மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள்" என்பதில் அந்தக் கணக்கை நாமே போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை எழுத உட்கார்ந்தபோதே அது எல்லோருக்கும் பொருந்தாது என்பது தெரிந்துவிட்டது. ஆலை மூன்று ஷிப்டுகளில் ஓடுகிறது. சி ஷிப்டு இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடிகிறது. அவர்களுக்கு நள்ளிரவு தாண்டி 1 மணிக்குக் கேண்டீனில் சாப்பாடு, 4 மணிக்கு டீயும் பிஸ்கட்டும் உண்டு. அவர்கள் வேலை முடிந்ததும் முகாமுக்கு வந்தால் கடைசியாகச் சாப்பிட்டு இரண்டு மணி நேரந்தான் ஆகியிருக்கும். அந்த ரத்தத்தில் வரும் அளவை வெறும் வயிற்று அளவாகப் படித்தால், சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இருப்பதாகத் தோன்றலாம். சாப்பாட்டைத் தவிர்க்கச் சொன்னால், உலைச் சூட்டில் இரவு முழுவதும் பட்டினியாக நின்று உருகிய இரும்பைக் கையாளச் சொல்கிறோம் என்று பொருள். அதை எந்த அறிவிப்பிலும் எழுத முடியாது.

முகாமுக்கு வரவிருந்த மருத்துவரிடம் இதைச் சொன்னேன். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை அவர் முதலில் யோசித்தார். அதற்குப் பட்டினி தேவையில்லை. ஆனால் செலவு கூடுதல். ரத்தசோகை உள்ளவர்களிடம் அதன் அளவு மாறுபட்டுக் காட்டவும் கூடும் என்பதால், ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவர்கள் பலர் வரக்கூடிய முகாமில் அதை மட்டும் நம்ப அவர் விரும்பவில்லை. இறுதியில் எளிய வழியொன்று கிடைத்தது. ஆலையில் ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறுகிறது. முகாமை ஒரே நாளில் முடிக்காமல் அடுத்தடுத்த மூன்று புதன்கிழமைகளில் வைத்தால், ஒவ்வொருவரும் தாம் காலை 6 மணிக்கு வரும் ஏ ஷிப்டு வாரத்தில் ரத்தம் கொடுக்கலாம். திங்கட்கிழமையைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு: ஷிப்டு மாறி இரண்டு நாட்கள் ஆன பிறகுதான் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் ஓரளவு ஒழுங்குக்கு வரும். எடுக்க வேண்டிய மாதிரிகளின் மொத்த எண்ணிக்கை மாறாததால் ஆய்வகமும் ஒப்புக்கொண்டது.

அறிவிப்பைத் தெளிவாக எழுதப் போய் முகாமின் நாட்களையே மாற்றியதைச் சிலர் மிகையாக நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத முடியாமல் திணறும் இடத்தில் பெரும்பாலும் ஏற்பாட்டில்தான் ஓட்டை இருக்கும். வாக்கியத்தை மெழுகி அதை மறைத்தால், முகாம் நாளன்று அந்த ஓட்டையில் விழுவது சி ஷிப்டுக்காரர்தான்.

மற்ற சில முடிவுகளும் இதைத் தொடர்ந்து வந்தன. உருக்கும் பிரிவிலும் ஊற்றும் பிரிவிலும் உள்ளவர்களை வெறும் வயிற்றோடு உலை முன் நிறுத்தக் கூடாது என்பதால், காலை 6.15 மணிக்கு முதலில் அவர்களை அழைப்பது என்று முடிவாயிற்று. வழக்கமாக 8 மணிக்குத் தொடங்கும் கேண்டீன் சிற்றுண்டியை அந்த மூன்று நாட்களில் மட்டும் 6.30 மணிக்கே தர ஒப்பந்தக்காரரிடம் பேசினோம். ரத்த அழுத்தத்தை ரத்தம் எடுப்பதற்கு முன்பே பார்ப்பது என்றும் வரிசை வகுத்தோம். டீ, காபி, பீடி, சிகரெட் இவற்றுக்குப் பிறகு அரை மணி நேரமாவது போனால்தான் அழுத்தத்தின் அளவை நம்பலாம். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து பேசாமல் உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.

மாத்திரை பற்றிய வரியை நான் சொந்தமாக எழுதவில்லை. மருத்துவர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். "மாத்தர கீத்தர போட்டுட்டு வராதீங்க" என்ற வரியை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை ஒருவர் நிறுத்திவிட்டு வந்தால், முகாமில் அவருடைய அழுத்தம் உயர்ந்து காட்டும். அதைவிட, உயர்ந்த அழுத்தத்தோடு அன்று முழுவதும் வேலையும் செய்வார். சர்க்கரை மாத்திரையில் ஆபத்து மறுபக்கம் இருக்கிறது: சாப்பிடாமல் அதைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். ஆகவே இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்க முடியாது. அழுத்த மாத்திரையை வழக்கம்போல் தண்ணீருடன் போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை மாத்திரையைக் கையில் கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகு சிற்றுண்டியோடு சேர்த்து வழக்கப்படி போட வேண்டும். இன்சுலின் போடுபவரும் கர்ப்பிணியும் பட்டினி இருக்கவே வேண்டாம், முன்னதாகவே செவிலியரிடம் சொன்னால் அவர்களுக்கு வேறு முறை வைக்கப்படும். இவ்வாறு மூன்று தனி வாக்கியங்களாக அது அமைந்தது.

அடுத்து வந்தது அச்சம். "பயப்பட வேண்டாம்" என்று எழுதினால் பயம் போகாது. பயப்படும்படி ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் அது உண்டாக்கும். என்ன பயம் என்று கண்டுபிடித்து, அதற்கு எதிரே ஓர் உறுதியை வைத்தால்தான் ஆறுதல் கிடைக்கும். விசாரித்ததில் மூன்று பயங்கள் தெரிந்தன. ரத்தத்தில் எச்.ஐ.வி., கர்ப்பம், மது ஆகியவற்றைப் பார்ப்பார்கள் என்பது ஒன்று. நோய் இருப்பது தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது இரண்டு. ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது மூன்று. மூன்றாவது பயத்துக்கு ஆதாரம் இருந்தது: முந்தைய முகாமொன்றில் சர்க்கரை அதிகமாக இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலை யாரோ நல்லெண்ணத்துடன் குழுவில் போட்டு, "இவங்க எல்லாம் டாக்டரப் பாருங்க" என்று எழுதியிருந்தார்கள்.

இங்கே எழுதுபவருக்குத் தானாக வாக்குறுதி கொடுக்கும் உரிமை இல்லை. "உங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்" என்று எழுதுவது எளிது. ஆனால் அன்றைய ஏற்பாட்டின்படி ஆய்வகம் முடிவுகள் அனைத்தையும் ஒரே எக்செல் தாளில் மனிதவளப் பிரிவுக்கு அனுப்புவதாக இருந்தது. அந்த நிலையில் அந்த வாக்கியம் பொய். மேலாளரிடம் நேராகப் பேசினேன். நிர்வாகத்துக்குப் பெயர் எதற்குத் தேவை என்று கேட்டபோது, அடுத்த ஆண்டு என்ன பரிசோதனைகள் வைப்பது என்று திட்டமிட மட்டுந்தான் என்றார். அதற்கு மொத்த எண்ணிக்கை போதும். எனவே முடிவுகள் உறையிலிட்டுத் தொழிலாளியிடம் நேரடியாகத் தரப்படும், ஒரு பிரதி மருத்துவரிடம் இருக்கும், நிர்வாகத்துக்குப் பெயரில்லாத எண்ணிக்கை மட்டுமே போகும் என்று கையெழுத்தானது. அந்த எண்ணிக்கையும் ஆலை முழுமைக்குமானதாகவே இருக்க வேண்டும் என்று சேர்த்தோம். ஐந்து பேர் உள்ள பிரிவில் இருவருக்குச் சர்க்கரை என்று சொன்னால் அது பெயரைச் சொன்னதுபோலத்தான்.

ஒரு விதிவிலக்கை மருத்துவர் வற்புறுத்தினார். ஒருவருடைய ரத்த அழுத்தம் 180/120 என்ற அளவைத் தாண்டிவிட்டால், அன்று அவரைக் கிரேன் மேல் ஏற்றக் கூடாது என்று அவர் சொல்லத்தான் வேண்டும். அப்போதும் காரணத்தைச் சொல்லாமல், "இன்று இந்த வேலை வேண்டாம்" என்று மட்டும் பிரிவுப் பொறுப்பாளரிடம் சொல்வதாக முடிவெடுத்தோம். இதை அறிவிப்பில் சேர்த்தால் ஆட்கள் தயங்குவார்கள் என்று ஒரு கருத்து எழுந்தது. எனக்கு உடன்பாடில்லை. "யாரிடமும் எதையும் சொல்ல மாட்டோம்" என்று எழுதிவிட்டு ஒரே ஒருவர் விஷயத்தில் மாறி நடந்தாலும், அதன் பிறகு எந்த அறிவிப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எச்.ஐ.வி. என்ற சொல்லை அச்சில் போடுவதற்கும் எதிர்ப்பு வந்தது: இல்லாத ஒன்றை நாமே ஏன் நினைவூட்ட வேண்டும் என்றார்கள். அந்தப் பேச்சு ஏற்கெனவே கேண்டீனில் ஓடிக்கொண்டிருந்தது. நாம் வாய் திறக்காவிட்டால் அது ஒப்புதலாகவே படும். ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பரிசோதனையைச் செய்வதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் தடுக்கிறது. சட்டத்தின் பெயரை அறிவிப்பில் போடவில்லை. அந்தப் பரிசோதனை நடக்காது என்று மட்டும் வெளிப்படையாக எழுதினோம்.

"வராதவங்க லிஸ்ட் மேல போகும்" என்ற வரியை நீக்குவதில்தான் அதிகத் தயக்கம் இருந்தது. மிரட்டல் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பது அனுபவசாலிகளின் கணிப்பு. ஆனால் விருப்பமில்லாமல் வந்து நிற்பவர், மாத்திரை போடுவதையும் டீ குடித்துவிட்டு வந்ததையும் மறைப்பார். அவருடைய முடிவால் யாருக்கும் பயனில்லை. டீ குடித்துவிட்டேன் என்று தைரியமாகச் சொல்ல இடம் கொடுக்கும் அறிவிப்பே பரிசோதனையைக் காப்பாற்றும். எனவே அந்த வரியின் இடத்தில், வருவது அவரவர் விருப்பம் என்பதும், முகாமில் செலவாகும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும் என்பதும் இடம் பெற்றன.

இறுதியாக ஒட்டப்பட்ட அறிவிப்பு இது:

ஊழியர்களுக்கான இலவச மருத்துவ முகாம்

நிரந்தரப் பணியாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், பயிற்சி பெறுபவர்கள் அனைவரும் பங்கேற்கலாம். கட்டணம் இல்லை. வருவது உங்கள் விருப்பம். வராததால் எந்த நடவடிக்கையும் இல்லை. முகாமில் இருக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டு.

*எப்போது:* நீங்கள் ஏ ஷிப்டுக்கு வரும் வாரத்தின் புதன்கிழமை, காலை 6.15 முதல் 8 மணி வரை. உங்கள் பிரிவை அழைக்கும்போது முதலுதவி அறைக்கு வாருங்கள்.

*முந்தைய இரவு:* செவ்வாய் இரவு 10 மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அதன் பிறகு ரத்தம் கொடுக்கும்வரை தண்ணீர் மட்டும் குடிக்கலாம். டீ, காபி, பால், பழச்சாறு, பீடி, சிகரெட் வேண்டாம். மறந்து சாப்பிட்டுவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். வேறு நாள் தரப்படும்.

*மருந்து சாப்பிடுபவர்கள்:* ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் தண்ணீருடன் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையைக் கையில் கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகு சிற்றுண்டியுடன் வழக்கப்படி போடுங்கள். இன்சுலின் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் பட்டினியாக வர வேண்டாம். செவ்வாய்க்கிழமைக்குள் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

*என்ன பார்ப்பார்கள்:* ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், கண் பார்வை. ரத்தம் ஏறத்தாழ ஒரு டீஸ்பூன் அளவே எடுக்கப்படும். எச்.ஐ.வி., கர்ப்பம், மது தொடர்பான பரிசோதனை எதுவும் செய்யப்படாது.

*முடிவு யாருக்குத் தெரியும்:* உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டும். பெயர் இல்லாத மொத்த எண்ணிக்கையே நிர்வாகத்துக்குத் தரப்படும். முடிவைக் காரணம் காட்டி யாருடைய வேலையும் ஒப்பந்தமும் நிறுத்தப்படாது. அன்றைய வேலை உங்கள் உயிருக்கு ஆபத்தாகலாம் என்று மருத்துவர் கருதினால் மட்டும், முதலில் உங்களிடம் சொல்லிவிட்டு, அன்று அந்த வேலையைத் தர வேண்டாம் என்று காரணம் சொல்லாமல் பொறுப்பாளரிடம் தெரிவிப்பார்.

ஒரு பக்கத்துக்கு இது சற்று நீளந்தான். ஆயினும் எந்த வரியைக் குறைப்பது என்று பார்த்தபோது, ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்கு விடையாக இருந்தது. வட மாநிலத் தொழிலாளர்களுக்கு இதையே இந்தியிலும் ஒடியாவிலும் அவர்களில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு எழுதி, வேறு ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப வாயால் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தோம். படிக்க இயலாதவர்களுக்காக ஷிப்டு தொடக்கக் கூட்டத்தில் மேற்பார்வையாளரே வாசித்தார். செவ்வாய் மாலை குழுவில் போட ஒரு நினைவூட்டலும் தேவைப்பட்டது, அது முழு அறிவிப்பின் சுருக்கமாக இல்லாமல், அந்த இரவில் செய்ய வேண்டியதை மட்டும் சொன்னது: "நாளை காலை ஏ ஷிப்டுக்கு வருபவர்களுக்கு முகாம் உள்ளது. இன்று இரவு 10 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதன் பிறகு தண்ணீர் மட்டும். அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம், சர்க்கரை மாத்திரையைக் கையில் எடுத்து வாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டுவிட்டே வாருங்கள்."

முகாமுக்குப் பிறகு தர வேண்டிய சீட்டையும் முன்னதாகவே எழுதி வைத்திருந்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேலும், ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆனால் ஒரே ஒரு முறை பார்த்த அளவை வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை. மறுபடி பார்த்தே உறுதி செய்வார்கள். "உங்களுக்குச் சர்க்கரை உள்ளது" என்று சீட்டில் எழுதுவது தவறு, "கவலைப்பட ஒன்றுமில்லை" என்பதும் தவறு. ஆகவே அந்தச் சீட்டு இப்படி அமைந்தது: "இன்றைய பரிசோதனையில் உங்கள் சர்க்கரை அளவு வழக்கத்தைவிட அதிகமாக உள்ளது. இதை மட்டும் கொண்டு நோய் என்று முடிவு செய்ய முடியாது. இரண்டு வாரத்துக்குள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்காக அரை நாள் அனுமதி உண்டு. காரணத்தில் 'மருத்துவம்' என்று மட்டும் எழுதினால் போதும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் இருந்தால் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள்." அளவு சரியாக இருந்தவர்களுக்கும் இதே நிறத்திலும் இதே அளவிலும் உள்ள உறையே தரப்பட்டது, அவர்களுடைய உறையிலும் ஒரு சீட்டு வைக்கப்பட்டது. உறையின் கனத்தைப் பார்த்துக்கூட யாருக்கு என்ன முடிவு என்று பக்கத்தில் நிற்பவர் ஊகிக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.